லேகியமும் கருப்பட்டியும் இல்லாமல் தாய்ப்பால் ஊற என்ன சாப்பிடுவது?

எனக்கு இரண்டாவது பிரசவம் சிசேரியன். ஏழாம் மாதத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். சோற்றைக் குறைத்து, தினமும் நடந்து, கடைசி இரண்டு மாதத்தை எப்படியோ ஓட்டினேன். பிள்ளை பிறந்துவிட்டால் சர்க்கரை தானாக இறங்கிவிடும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்று அடுக்களையில் ஒரு கிலோ பேறுகால லேகியம், மூன்று கிலோ கருப்பட்டி, ஒரு பெரிய டப்பா சத்துபானப் பொடி, இரண்டு பொட்டலம் பேரீச்சம்பழம் எல்லாம் தயாராக இருந்தன. அத்தனையும் எனக்குப் பால் ஊறுவதற்காக.

பன்னிரண்டாம் நாள், காலையில் கருப்பட்டிக் களி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் குத்திப் பார்த்தேன். 214. சரி, சர்க்கரைதான் ஏறியது, பாலாவது ஊறியதா என்றால் அதுவும் இல்லை. பிள்ளையின் எடை ஏறவே இல்லை. அதற்கடுத்த ஒரு மாதம் தட்டித் தடுமாறி நான் கற்றுக்கொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். உங்களுக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும், இனிப்பு திகட்டிப்போய் வேறு என்ன சாப்பிடலாம் என்று தேடுகிறீர்கள் என்றால் இது உதவும்.

தொடங்கும் முன் ஒன்று. நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். சாப்பாடு குறைந்து ஊசியின் அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். பாலூட்டுவதும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தால் அந்த நேரத்துக்குச் சர்க்கரைதான் மருந்து. அப்போது பத்தியம் பார்க்கக் கூடாது.

1. பால் உண்மையிலேயே குறைவா என்று முதலில் பாருங்கள்

வீட்டில் "பால் பத்தலை" என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் பிள்ளை அழுவதை வைத்துத்தான். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளை மார்பை விட்டு இறங்காமல் குடித்துக்கொண்டே இருந்தால் அது பால் இல்லாததற்கு அடையாளம் ஆகாது. நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் குடிக்கும். மூன்றாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் இரண்டு மூன்று நாள் இன்னும் அதிகமாகக் கேட்கும். ஆறு வாரம் ஆனதும் மார்பின் கனம் குறைந்து மெத்தென்று ஆகிவிடும். அதைப் பார்த்து ஆச்சிமார் பயந்துவிடுவார்கள். பால் வற்றிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, உடம்பு பிள்ளையின் அளவுக்குப் பழகிவிட்டது.

நம்பக் கூடிய கணக்கு இரண்டுதான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும், அதன் நிறம் வெளிறி இருக்க வேண்டும். அடுத்தது எடை. பிறந்த முதல் சில நாளில் எந்தப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் இறங்கும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி வந்து, அதன்பின் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் என்று ஏற வேண்டும்.

என் மகள் பிறந்தபோது 2.9 கிலோ. ஐந்தாம் நாள் 2.68. அதுவரை வழக்கமானதுதான். பதினான்காம் நாள் 2.78 என்று வந்தபோதுதான் எங்கோ தவறு நடக்கிறது என்று உறைத்தது.

என்ன தவறு என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் இரண்டே கேள்வியில் பிடித்துவிட்டார். "ராத்திரி எத்தனை தடவை கொடுக்கிறீங்க?" ஒரு தடவையும் இல்லை. நான் தூங்கட்டும் என்று இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அம்மா புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார். "பகல்ல?" ஆறு தடவை. பால் சுரக்கச் சொல்லும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகமாகச் சுரக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால் "போதும், இனி வேண்டாம்" என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துவிடும். பிள்ளை குடித்துக் காலி செய்தால்தான் அடுத்து ஊறும். இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும். நான் ஆறு தடவை கொடுத்துவிட்டு, மிச்சத்தை லேகியம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறேன்.

ஆகவே சாப்பாட்டை மாற்றும் முன் இதைச் சரிசெய்யுங்கள். பிள்ளை காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வுகிறதா என்று ஒரு செவிலியரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். புட்டிப்பாலை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். எடை குறைந்த பிள்ளைக்கு அது ஆபத்து. மருத்துவமனையில் கேட்டு, எடையைப் பார்த்தபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எனக்கு ஒன்பது நாள் ஆனது.

2. ஒரு நாளில் உள்ளே போகும் இனிப்பை எழுதிக் கூட்டுங்கள்

மனக்கணக்கு உதவாது, தாளில் எழுதுங்கள். என் ஒரு நாள் கணக்கு இது. காலையும் இரவும் எலுமிச்சம்பழ அளவு லேகியம், அதில் பாதிக்கு மேல் வெல்லம் என்று வைத்தால் 30 கிராம் சர்க்கரை. களியில் கருப்பட்டி 50 கிராம். பூண்டுப் பால் இரண்டு டம்ளரில் 30. சத்துபானப் பொடியில் 15. மொத்தம் 125 கிராம், தேக்கரண்டிக் கணக்கில் இருபத்தைந்து. பேரீச்சம்பழத்தை நான் சேர்க்கவே இல்லை.

"கருப்பட்டி சர்க்கரை இல்லையே" என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. கருப்பட்டியில் கொஞ்சம் இரும்பும் மற்ற தாதுக்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே பொருள்தான். குளுக்கோமீட்டருக்குப் பனையும் தெரியாது, கரும்பும் தெரியாது. இன்னொரு நம்பிக்கை, அம்மா இனிப்பு தின்றால்தான் பால் இனிக்கும் என்பது. தாய்ப்பாலின் இனிப்பு லாக்டோஸிலிருந்து வருவது. 100 மில்லியில் ஏறக்குறைய 7 கிராம் இருக்கும். அம்மா என்ன தின்றாலும் அந்த அளவு பெரிதாக மாறாது.

நிறையப் பேர் சறுக்குவது இதற்குப் பிறகுதான், நானும் சறுக்கினேன். அந்த 125 கிராம் சர்க்கரையில் 500 கலோரி இருந்தது. முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அதாவது இனிப்பை நிறுத்தினால், உடம்பு கேட்கும் கூடுதல் உணவில் பெரும்பகுதியையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறோம். நான் இரண்டு நாள் அப்படி இருந்தேன். மூன்றாம் நாள் தலை சுற்றி, பிள்ளையைத் தூக்கப் பயமாகிவிட்டது. எடுக்கும் இடத்தில் வேறு ஒன்றை வைக்காமல் எடுக்காதீர்கள்.

3. களியை எடுத்துவிட்டு உளுந்தஞ்சோறு வையுங்கள்

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கென்றே செய்யும் சோறு இது. வயதுக்கு வந்தாலும் இதுதான், பிள்ளை பெற்றாலும் இதுதான். துளி இனிப்புக் கிடையாது. உளுந்து, வெந்தயம், பூண்டு என்று பால் ஊற ஊரில் சொல்லும் சாமான் மூன்றும் இதிலேயே இருக்கின்றன. இது கண்முன்னே இருக்க நான் ஏன் களியைத் தின்றேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஊரில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவார்கள். நான் சமபங்காக்கினேன். ஒரு டம்ளர் புழுங்கலரிசி, ஒரு டம்ளர் தொலி உளுந்து, அதாவது கறுப்புத் தோலோடு உடைத்தது. உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, அரிசியோடு சேர்த்துக் கழுவுங்கள். ஒரு தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேக்கரண்டி சீரகம், உரித்த பூண்டு பதினைந்து பல், கால் மூடித் தேங்காய்த் துருவல், உப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர். குக்கரில் நான்கைந்து விசில். இறக்கிய பின் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுக் கிளறுங்கள். குழைவாகத்தான் இருக்க வேண்டும். உதிரியாக வந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள், ஆறியதும் தொண்டையில் அடைக்கும்.

தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்பு எள்ளை வெடிக்க வறுத்து, ஒரு கைப்பிடி உளுந்து, கொஞ்சம் புளி, தேங்காய், இரண்டே வற்றலோடு அம்மியிலோ மிக்ஸியிலோ கொரகொரப்பாக அரைத்தால் போதும். எள்ளில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் தேவை என்கிறார்கள். பால் பிடிக்காதவர்கள் அதைத் துவையல், கேழ்வரகு, கீரை, தயிர் என்று பல இடங்களிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் இந்தச் சோறு ஒன்றரைக் கிண்ணம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 151 காட்டியது. ஒரு கிண்ணம் சோறும் இரண்டு அவித்த முட்டையும் என்று மாற்றிய பிறகு 130-க்குப் பக்கத்தில் நின்றது. உங்கள் உடம்புக்கு எந்த அளவு சரி என்பதை உங்கள் மீட்டரைக் கேளுங்கள். என் எண்ணைப் பார்த்து அளக்க வேண்டாம்.

அந்த 600 கலோரியை நான் நிரப்பியது இப்படி: கூடுதலாக ஒரு கிண்ணம் உளுந்தஞ்சோறு, ஏறக்குறைய 280. முட்டை இரண்டு, 150. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 170. கணக்கு முடிந்தது. புரதமும் அதிலேயே வந்துவிடுகிறது.

4. மதியத்துக்குப் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பொடிமீன்

பத்தியச் சாப்பாட்டில் நாக்குக்கு ருசியானது பூண்டு மிளகுக் குழம்புதான். ஒரு வேளைக்குப் பத்துப் பல் பூண்டு நல்லெண்ணெயில் வதங்கி வெந்திருக்க வேண்டும். பூண்டு மார்பில் போய்ப் பாலைக் கூட்டுகிறது என்று உறுதியாகச் சொல்லும் ஆதாரம் இல்லை. ஆனால் 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அம்மா பூண்டு சாப்பிட்ட பிறகு பாலில் அந்த வாசம் ஏறுவதையும், அப்போது பிள்ளைகள் மார்பில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதிக நேரம் குடித்தால் அதிகம் ஊறும் என்ற வழியில் ஆச்சியின் பேச்சு உண்மையாக இருக்கலாம். உங்கள் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அளவைக் குறையுங்கள், அவ்வளவுதான்.

முருங்கைக்கீரை வாரத்துக்கு நான்கு நாள். ஒரு கட்டு எங்கள் தெருவில் பதினைந்து ரூபாய், பக்கத்து வீட்டு மரத்தில் இருந்தால் அதுவும் இல்லை. பாசிப்பருப்போடு சேர்த்துப் பொரியல், முட்டை உடைத்து ஊற்றிக் கிளறல், அல்லது சீரகமும் பூண்டும் தட்டிப் போட்ட சாறு. பிலிப்பைன்ஸிலும் பிள்ளை பெற்றவளுக்கு முருங்கைக்கீரைச் சாறுதான் கொடுக்கிறார்கள். அங்கு நடந்த சிறிய ஆய்வுகளில் கீரையைப் பொடியாக்கிக் கொடுத்தபோது பால் கூடியதாகக் கண்டிருக்கிறார்கள். ஆய்வு சிறியது என்பதால் நான் இதைப் பெரிதாகப் பேசமாட்டேன். ஆனால் சுண்ணாம்பும் இரும்பும் உள்ள கீரையைத் தின்று கெட்டவர் யாரும் இல்லை.

மீனில்தான் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பால் ஊற என்றாலே கடற்கரை ஊரில் எல்லாரும் முதலில் சொல்வது சுறாப்புட்டு, அதிலும் பால்சுறா. எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் சுறா மற்ற மீன்களைத் தின்று வளரும் மீன். அவற்றின் உடம்பில் இருக்கும் பாதரசம் எல்லாம் அதன் சதையில் சேர்ந்துவிடும். பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறாவையும் அமெரிக்க உணவு, மருந்துத் துறை சேர்த்திருக்கிறது. பாதரசம் பால்வழியே பிள்ளைக்கும் கொஞ்சம் போகும். ஒரு நாள் ஆசைக்குத் தின்றதற்காகப் பயப்பட வேண்டாம். தினம் ஒரு வேளை சுறாப்புட்டு என்று நாற்பது நாள் தின்பதுதான் தவறு.

அதற்குப் பதில் சாளை, நெத்திலி. சாளையை மற்ற ஊர்களில் மத்தி என்பார்கள். சின்ன மீன், கொஞ்ச நாளே வாழ்வது, பாதரசம் குறைவு. பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பு சாளையில் நிறைய. நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்பும் கிடைக்கும். சுறாப்புட்டுப் போலவே சாளைப்புட்டும் செய்யலாம். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, முள்ளை எடுத்து உதிர்த்து, நிறையப் பூண்டும் இஞ்சியும் சின்ன வெங்காயமும் வதக்கிக் கிளற வேண்டியதுதான். சுறா விலையில் பாதி கூட ஆகாது. கருவாடு வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு நாள் போதும், உப்பு அதிகம். பிரசவத்தில் ரத்தக்கொதிப்பு இருந்தவர்கள் அதையும் விட்டுவிடுங்கள்.

பருப்புப் போட்டால் பிள்ளைக்கு வாயு என்று சொல்லி எனக்குப் பத்து நாள் பருப்பும் காய்கறியும் தரவில்லை. நம் குடலில் உண்டாகும் வாயு பாலில் போகாது. குறிப்பிட்ட ஓர் உணவை நீங்கள் சாப்பிடும்போதெல்லாம் பிள்ளைக்கு மலத்தில் சளியோ ரத்தமோ வந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி சுரைக்காய், பீர்க்கங்காய், பப்பாளிக்காய்க் கூட்டு எல்லாம் சாப்பிடலாம். பப்பாளிக்காயைக் கண்டு பயப்பட வேண்டியது கர்ப்பத்தில்தான், பிள்ளை பிறந்த பிறகு இல்லை.

5. இரவுக்கு ஒரு டப்பா

இரவுப் பாலை ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, இரண்டு மணிக்கு வயிற்றைச் சுரண்டும் பசி என்ன என்று. அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது எதுவோ அதைத்தான் தின்போம். என் கட்டிலருகே இருந்தது ரஸ்க்கும் பேரீச்சம்பழமும். பகல் முழுக்கக் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 118. காரணம் இந்த ரஸ்க்தான் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

ஆகவே படுக்கும் முன் ஒரு டப்பாவை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். அவித்த கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறுச் சுண்டல் ஒரு சின்னக் கிண்ணம். நள்ளிரவு வரை கெடாமல் இருக்கத் தேங்காய் போடாமல் தாளியுங்கள். கோடையில் சுண்டலைவிடப் பொரிகடலையும் வறுத்த வேர்க்கடலையும் நம்பகமானவை. ஒரு கையில் பிள்ளை இருக்கும்போது மறு கையால் தின்னக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். தோல் உரிக்க வேண்டிய முட்டையை நான் இருட்டில் உரித்து மெத்தையெல்லாம் ஓடு ஆக்கியிருக்கிறேன். உரித்தே வைக்கச் சொல்லுங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் தின்ன வேண்டாம்.

பூண்டுப் பாலை நான் விடவில்லை. பாலில் ஆறு பல் பூண்டை வேகவைத்து மசித்து, மிளகும் மஞ்சளும் போட்டு, கருப்பட்டி இல்லாமல் குடித்தேன். முதல் மூன்று நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்க முடிந்தது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சாறு குடிப்பது போல இருக்கும்.

6. தண்ணீர்

சிசேரியன் தையல் சீழ்பிடிக்கும், வயிறு போடும் என்று சொல்லித் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டும் உண்மை இல்லை. அதேபோல ஐந்து லிட்டர் குடித்தால் பால் கொட்டும் என்பதும் உண்மை இல்லை. ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு டம்ளர் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தாகம் சொல்கிற அளவு குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. சீரகத் தண்ணீர், மோர், ரசம் எல்லாம் கணக்கில் சேரும். கடையில் வாங்கும் பழச்சாறு சேராது.

7. கடையில் விற்கும் பால்சுரப்புப் பொருட்களை வாங்கும் முன்

தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்த்த குருணை மருந்து ஒன்றை உறவினர் வாங்கித் தந்தார். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தைப் படித்தால் பெரும்பகுதி சர்க்கரை. லேகியத்தை நிறுத்திவிட்டு அதையே வேறு பெயரில் குடிக்க இருந்தேன். எதை வாங்கினாலும் சேர்மானப் பட்டியலில் முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அளவில் அதிகமாக உள்ளதைத்தான் முதலில் எழுதுவார்கள். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் வெல்லம், தேன், மால்ட்டு என்று எழுதியிருப்பதும் உண்டு.

வெந்தயம் சமையலில் ஒரு தேக்கரண்டி என்ற அளவில் இருந்தால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை. மாத்திரையாகவோ பொடியாகவோ அள்ளிச் சாப்பிடுவது வேறு. அது ரத்தச் சர்க்கரையை இறக்கும், சர்க்கரை மருந்தோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். வயிற்றுப்போக்கு வரலாம், அம்மாவுக்கும் சரி பிள்ளைக்கும் சரி. ஆஸ்துமா உள்ளவர்கள், கடலை ஒவ்வாமை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், தைராய்டு மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடக் கூடாது.

சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத இரண்டு பொருள் பாலைக் குறைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கடைப்புக்குத் தரும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின், அப்புறம் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை. மருந்துக்கடையில் "பால் கொடுக்கிறேன்" என்று சொல்லியே வாங்குங்கள். எனக்குச் சர்க்கரைக்குத் தந்த மெட்ஃபார்மின் மாத்திரை பாலூட்டும்போது சாப்பிடக்கூடியதுதான் என்று மருத்துவர் சொன்ன பிறகே சாப்பிட்டேன்.

8. கையில் வைத்திருக்க வேண்டிய தாள்களும் செலவும்

ஒரு பிளாஸ்டிக் உறையில் டிஸ்சார்ஜ் சம்மரி, தாய் சேய் நல அட்டை, சர்க்கரை எழுதிய நோட்டு மூன்றையும் ஒன்றாக வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பிறந்த எடையும், கர்ப்பகாலச் சர்க்கரை என்ற வார்த்தையும் இருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். எனக்குச் சர்க்கரை என்பதை எழுத மறந்துவிட்டார்கள். திரும்பப் போய் எழுதி வாங்க அரை நாள் ஆனது, தையலோடு ஆட்டோவில்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணி இல்லாமல் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு இல்லை. கிராமத்தில் செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் பார்க்கலாம். தினம் பார்த்தால் மனசுதான் கெடும். பாலூட்டும் முறையைத் திருத்தியதன் பலன் இரண்டு மூன்று நாளில் தெரிய ஆரம்பிக்கும். சாப்பாட்டு மாற்றத்துக்கு ஒரு வாரமாவது கொடுங்கள். என் மகள் இருபத்தெட்டாம் நாள் 3.2 கிலோ, பதினான்கு நாளில் 420 கிராம். இதில் உளுந்தஞ்சோற்றின் பங்கு எவ்வளவு, இரவுப் பாலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரும் பங்கு இரவுப் பாலுக்குத்தான் என்பது என் எண்ணம். சோறு அந்த இரவுகளைத் தாங்க வைத்தது.

அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்கு ஆறு மாதம் வரை இணை உணவு மாவு இலவசம். கர்ப்பத்திலேயே பதிந்திருந்தால் பிள்ளை பிறந்ததைச் சொன்னால் போதும். இல்லையென்றால் ஆதார் நகலும் தாய் சேய் நல அட்டையும் கொண்டுபோங்கள். அம்மா வீடு வேறு ஊர் என்றால் எங்கே வாங்குவது என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அந்த மாவில் வெல்லம் கலந்திருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கஞ்சியாக டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம். நான் என் பங்கை மூத்தவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் மாதம் எனக்கு இந்தச் சாப்பாட்டுக்கு ஆன கூடுதல் செலவு 1,900 ரூபாய். உளுந்து, எள், கடலை, பூண்டு, முட்டை, மீன் எல்லாம் சேர்த்து. லேகியம், கருப்பட்டி, சத்துபானப் பொடிக்கு அம்மா கொடுத்தது அதைவிட இரு மடங்கு.

கடைசியாக ஆறாவது வாரச் சோதனை. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த எல்லாரும் செய்ய வேண்டியது, பிள்ளை வேலையில் மறந்துபோவதும் இதைத்தான். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம், காலை எட்டு மணிக்குள் போனால்தான் வரிசை சிறியது. ஒருவரைப் பிள்ளையைப் பிடிக்கக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது ரத்தம் 140-க்குக் கீழே இருந்தால் நல்லது, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருந்தால் சாப்பாட்டைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். எனக்கு 146. ரத்தம் எடுத்து முடியும்போது பத்தரை மணி ஆகி, பசி காதை அடைக்கும். வாசலில் கிடைப்பது டீயும் பன்னும்தான். ஒரு டப்பாவில் உளுந்தஞ்சோறும் துவையலும் எடுத்துப் போய்விடுங்கள்.